மூக்குக் குழாய் உணவுக்கு மாதம் எவ்வளவு ஆகும்: டின் கணக்கும் அடுப்படிக் கணக்கும்

பக்கவாதம் வந்த பெரியவரை மூக்கில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பும்போது, டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: இந்தப் பவுடரை இத்தனை ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, இத்தனை மணிக்கு ஒருமுறை கொடுக்கவும். வீட்டார் வாசலில் உள்ள மருந்துக்கடையில் இரண்டு டின் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். ஒரு டின் ஒரு வாரமாவது வரும் என்ற நினைப்பு இருக்கும். மூன்றாம் நாள் இரண்டும் காலியாகிவிடும். குடும்பத்தின் மாதக் கணக்கு ஆட்டம் காண்பது அங்கேதான்.

டின் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று முதலில் பார்ப்போம். நடமாடும் பெரியவர் இட்லியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, மேற்கொண்டு ஒரு தம்ளர் பவுடர் பால் குடிப்பார். அப்படிக் குடிப்பவருக்கு ஒரு டின் ஒரு வாரம் வரும். குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு அந்தத் திரவம்தான் காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, இரவு உணவு எல்லாம். நாள் முழுவதற்கான கலோரியும் புரதமும் அதிலிருந்தே வந்தாக வேண்டும். ஆகவே “ஒரு டின் எவ்வளவு?” என்று கேட்டுப் பட்ஜெட் போட முடியாது. “இவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம்?” என்று டயட்டீஷியனிடம் கேட்டு, அந்த இரண்டு எண்களைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாதச் செலவு முழுவதையும் அந்த இரண்டு எண்களிலிருந்துதான் போடப்போகிறோம்.

ஒரு எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோவோம். அம்மாவுக்கு 72 வயது, எடை 50 கிலோ. சிறுநீரகக் கோளாறு இல்லை, சர்க்கரை நோய் இல்லை. விழுங்கும் திறன் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். இப்படிப்பட்டவருக்குப் பொதுவாக எடையில் கிலோவுக்கு 30 கலோரி, 1.2 கிராம் புரதம் என்று கணக்கிடுவார்கள். அதாவது நாளுக்கு 1,500 கலோரி, 60 கிராம் புரதம். சிறுநீரகம் பழுதானவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் படுக்கைப்புண் உள்ளவருக்கும் இந்த எண்கள் வேறாக இருக்கும், அதை மருத்துவமனைதான் சொல்ல வேண்டும். பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் உள்ள தாது உப்புகள் சடாரென்று இறங்கிவிடும். அவர்களுக்கு அளவை எப்படி ஏற்றுவது என்பதற்குத் தனியாக எழுதி வாங்குங்கள்.

இனி டின் கணக்கு. முழு உணவாகப் பயன்படும் பவுடர்களில் பெரும்பாலானவை 100 கிராமுக்கு 430 முதல் 450 கலோரி தருகின்றன. 440 என்று வைத்துக்கொண்டால் 1,500 கலோரிக்கு நாளுக்குச் சுமார் 340 கிராம் வேண்டும். 400 கிராம் டின் ஒன்றேகால் நாள்கூட வராது. மாதத்துக்கு 26 டின். டின் 750 ரூபாய் என்று போட்டால் 19,500 ரூபாய். இந்த விலையையும் இனி வரும் விலைகளையும் கணக்குக்காகத்தான் வைக்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள், வழிமுறை மாறாது. சர்க்கரை நோயாளிகளுக்கான டின் இதைவிட விலை கூடுதல்.

இந்தத் தொகையைப் பார்த்ததும் வீட்டில் ஒரு முடிவு எடுப்பார்கள்: “பவுடரைக் குறைத்துக் கஞ்சி கொடுப்போம்.” அந்த யோசனையில் தவறில்லை. அதைச் செயல்படுத்தும் விதத்தில்தான் தவறு வருகிறது. குழாய் அடைத்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் நீர்க்கக் கரைப்பார்கள். காலையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பால், பத்து மணிக்கு வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், மதியம் பருப்புத் தண்ணீர், மாலையில் பழச்சாறு, இரவில் மறுபடி கஞ்சியும் பாலும் என்று போகும். வேளைக்கு 250 மில்லி, ஆறு வேளை, எல்லாம் முறையாக நடப்பதுபோலவே தெரியும். கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 500 கலோரி தேறுவது கடினம், புரதம் 15 கிராம்கூட வராது. வயிறு நிரம்பியிருப்பதால் அவர் அடம் பிடிக்க மாட்டார். பேச முடியாதவர் பசிக்கிறது என்றும் சொல்ல மாட்டார். ஒன்றரை மாதத்தில் தொடை சூம்பி, இடுப்பெலும்பு துருத்தி, அங்கே தோல் சிவந்து புண்ணாகும். டின்னில் மிச்சம் பிடித்த பணம் புண்ணுக்குக் கட்டுப்போடவும் காற்று மெத்தைக்கும் மறுபடி ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். அந்தப் புண் ஆறுவதற்குக் கூடுதல் புரதம் தேவை என்பதால் உணவுச் செலவும் ஏறும்.

ஆக அடுப்படி உணவைக் கொடுக்கலாம், ஆனால் அது கெட்டியான சத்தோடும் நீர்த்த பதத்தோடும் இருக்க வேண்டும். ஒரு மில்லிக்கு ஒரு கலோரி என்பது இலக்கு. 190 கிராம் தானியத்தையும் பருப்பையும் ஒன்றரை லிட்டரில் அடக்கினால் சாதாரணமாகக் களி மாதிரி இறுகிவிடும், குழாயில் இறங்காது. அங்கே கைகொடுப்பது முளைகட்டிய கேழ்வரகு மாவு.

தானியம் முளைவிடும்போது அதில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது வெட்டிவிடும். இறுகிக் கிடக்கும் சூடான கூழில் இந்த மாவைக் கலந்து வைத்தால், தண்ணீர் சேர்க்காமலே பத்து நிமிடத்தில் கூழ் மோர்ப் பதத்துக்கு இளகும். கலோரி ஒன்றும் குறையாது. கரண்டியைத் தூக்கினால் முதலில் கட்டியாகத் தொங்கும், பிறகு நூல்போல் ஒழுகும், கடைசியில் சொட்டுச் சொட்டாக விழும். அந்தக் கடைசிப் பதம்தான் வேண்டியது.

மாவை வீட்டிலேயே செய்வது நல்லது. கேழ்வரகைக் கழுவி 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள் வைத்தால் முளை நன்றாக வரும். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். புளித்த வாடை அடித்தால் அந்த ஈடு வேண்டாம். முளைத்ததை வெயிலில் உலர்த்தி மிஷினில் திரித்துக்கொள்ளலாம். சத்துமாவுக்குச் செய்வதுபோல வாசம் வரும்வரை வறுக்கக் கூடாது, வறுத்தால் நொதி செத்துவிடும். கடையில் விற்கும் ராகி மால்ட் பல நேரம் கூழை இளக்காமல் போவதற்கு இதுவே காரணம். வாங்கியதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கால் தம்ளர் சூடான கெட்டிக் கஞ்சியில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் இளக வேண்டும். இளகாவிட்டால் அது வெறும் மாவு.

அம்மாவுக்கான ஒரு நாள் கூட்டு இப்படி வரும். டோன்டு பால் 750 மில்லி, முட்டை 2, அரிசி 80 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், பொட்டுக்கடலை மாவு 30 கிராம், முளைகட்டிய கேழ்வரகு மாவு 30 கிராம், எண்ணெய் 20 மில்லி, சர்க்கரை 20 கிராம், ஒரு துண்டு கேரட் அல்லது பரங்கிக்காய். இவை எல்லாம் சேர்ந்து சுமார் 1,500 கலோரி, 60 கிராம் புரதம் தரும். முட்டை சேர்க்காத வீடென்றால் இரண்டு முட்டைக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30 கிராமும் இன்னும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் போடலாம். புரதம் கிட்டத்தட்ட அதே அளவு வரும், விலையும் ஏறத்தாழ அதுவே. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்தக் கூட்டு அப்படியே ஆகாது. முளைகட்டிய மாவு மாவுச்சத்தை வெட்டுவதால் சர்க்கரை விரைவாக ஏறும். இன்சுலினும் உணவு வேளையும் ஒன்றோடொன்று கட்டியவை என்பதால், கூட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

உப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கூட்டில் இயல்பாக இருக்கும் சோடியம் மிகக் குறைவு. உப்பில்லாக் கூழையே வாரக்கணக்கில் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, பெரியவர் தூங்கி வழிவார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வீட்டார் இன்னொரு பக்கவாதம் என்று பயந்துபோவார்கள். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சொன்ன அளவு. அப்படிச் சொல்லாவிட்டால், நாள் முழுவதற்கும் அரை டீஸ்பூன் உப்புக் கூழில் போடலாமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

செய்முறைக்கு வருவோம். அரிசி, பருப்பு, காயை மூன்று பங்கு தண்ணீரில் குக்கரில் ஆறேழு விசில் குழைய வேகவிடுங்கள். வெதுவெதுப்பாக ஆறியபின் மிக்ஸியில் பொட்டுக்கடலை மாவோடு சேர்த்து விழுதாக அரையுங்கள். கொதிக்கக் கொதிக்க அரைத்தால் மூடி தெறிக்கும். அரைத்ததை அடுப்பில் ஏற்றி, ஆவி பறக்கும் ஆனால் கொதிக்காத சூட்டில் இறக்கி, கேழ்வரகு மாவை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி மூடிவையுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் நொதி அப்போதே அழிந்துவிடும். ஆறிய கூழில் ஊற்றினாலும் வேலை செய்யாது. பத்து நிமிடத்தில் இளகியதும் மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். முளைகட்டிய பச்சை மாவில் கிருமி இருக்கும் என்பதால் இந்தக் கொதியைத் தவிர்க்கவே கூடாது. பிறகு காய்ச்சிய பால், எண்ணெய், சர்க்கரை, உப்பு சேர்க்க வேண்டும். வேகவைத்த முட்டையைத் தனியாகக் கொஞ்சம் பாலோடு இரண்டு நிமிடம் மிக்ஸியில் ஓட்டி ஊற்றுங்கள். பச்சை முட்டை கூடவே கூடாது. மொத்தத்தையும் மெல்லிய எவர்சில்வர் வடிகட்டியில் வடித்து, காய்ச்சிய தண்ணீர் விட்டு 1,500 மில்லிக்குக் கொண்டுவாருங்கள்.

வடிகட்டியில் என்ன தங்குகிறது என்று தினமும் பாருங்கள். ஒரு டீஸ்பூன் தோலும் நாரும் தங்கினால் சரி. ஒரு கைப்பிடி விழுது தங்கினால் காசு கொடுத்து வாங்கிய புரதம் குப்பைக்குப் போகிறது. முட்டை வெள்ளையும் பருப்பும்தான் பெரும்பாலும் அங்கே நிற்கும். திரும்ப ஜாரில் போட்டு அரைத்து மறுபடி வடியுங்கள். அளவுக்கு ஒரு கிராம் தராசும் மில்லி கோடு போட்ட ஒரு ஜக்கும் வாங்கிவிடுவது நல்லது. “ஒரு கை அரிசி, ஒரு கரண்டி பருப்பு” என்று போட்டால், வீட்டில் சமைக்கும் ஆள் மாறும்போதெல்லாம் அளவும் மாறும்.

இதன் விலை என்ன? பால் 33 ரூபாய், முட்டை 14, பருப்பும் பொட்டுக்கடலையும் 11, அரிசி 5, கேழ்வரகு 3, எண்ணெய் 3, காயும் சர்க்கரையும் 4. மொத்தம் 73 ரூபாய். இதற்கென்று தனியாக எரியும் கேஸுக்கு நாளுக்கு 7 ரூபாய் சேர்த்தால் 80. மாதம் 2,400 ரூபாய். முழு டின் கணக்கில் 19,500 வந்தது நினைவிருக்கும்.

ரேஷன் அட்டை உள்ள வீட்டில் இது இன்னும் இறங்கும். தமிழ்நாட்டில் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பாசிப்பருப்புக்குப் பதில் துவரம் பருப்புப் போட்டால் புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டு விசில் கூட விட வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கூட்டுக்கு மாதம் இரண்டரைக் கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, அரை லிட்டருக்குச் சற்று மேல் எண்ணெய் போதும். ரேஷன் பொருளை இதற்கே ஒதுக்கினால் 300 ரூபாய்க்கு மேல் மிஞ்சும்.

அப்படியானால் டின்னே வேண்டாமா என்று கேட்கலாம். என் கருத்து, முழுவதையும் நிறுத்த வேண்டாம் என்பதுதான். இரண்டு காரணங்கள் உண்டு. அடுப்படிக் கூழில் கலோரியும் புரதமும் நிறைந்தாலும், வைட்டமின்களும் துத்தநாகம் போன்ற நுண்சத்துகளும் முழுதாக வந்துவிடாது. டின் பவுடரில் அவை அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கும். இன்னொன்று ஆள் பலம். கூழ் செய்ய நாளுக்கு ஒன்றரை மணி நேரம் போகும். அதிகாலை 6 மணி வேளைக்கும் இரவு 10 மணி வேளைக்கும் பவுடர் வைத்துக்கொண்டால், கூழை இரவில் பாதுகாத்து வைக்கும் தொல்லையும் இல்லை, கவனித்துக்கொள்பவருக்குக் கொஞ்சம் தூக்கமும் கிடைக்கும். இரண்டு வேளை பவுடர், நான்கு வேளை கூழ் என்றால் பவுடருக்கு மாதம் எட்டரை டின், சுமார் 6,400 ரூபாய். கூழுக்கு 1,600. மொத்தம் 8,000 ரூபாய். நீண்ட நாள் தாங்கும் தொகை இது. இதுவும் கட்டாதவர்கள் முழுக் கூழுக்கே போகலாம். அப்போது டாக்டரிடம் மல்டிவைட்டமின் சிரப் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

டின் வாங்கும்போது ஒரு கவனம். சத்து பானம் என்ற பெயரில் கடையில் கிடைக்கும் எல்லாப் பவுடரும் முழு உணவு ஆகாது. பாலில் கலந்து குடிக்கும் மால்ட் பானங்களில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவுச்சத்தும்தான். புரோட்டீன் பவுடர் என்று விற்பதில் கலோரி போதாது. டின்னின் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் என்று பார்த்து, முழு டின்னுக்கு அது எவ்வளவு என்று கணக்கிட்டு, விலையை அதால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன விலைகளில் 10 கிராம் புரதத்துக்குப் பருப்பில் 6 ரூபாய், முட்டையில் 12, பாலில் 14, முழு உணவு டின்னில் 100 ரூபாய்க்கு மேல் ஆகிறது. புரதம் மட்டும் பற்றவில்லை என்றால் அதை நிரப்ப வேண்டிய இடம் டின் அல்ல என்பது இதில் தெரிந்துவிடும். வெளியூரில் இருக்கும் அண்ணனோ அக்காவோ “நான் டின் வாங்கி அனுப்புகிறேன்” என்றால், டின் வேண்டாம், இந்த மாதக் கணக்கை அனுப்பி அதில் ஒரு பங்கைப் பணமாகக் கேளுங்கள். ஆளுக்கொரு வகை டின் வந்து சேர்ந்தால் ஒவ்வொன்றிலும் ஸ்பூன் அளவு வேறு, கலவை தவறிப்போகும், வயிறும் கலங்கும்.

உணவுப் பொருளுக்கு வெளியே உள்ள செலவுகளைப் பலரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. முனை நீண்ட, குழாயில் பொருந்தும் 50 மில்லி சிரிஞ்ச் வேண்டும். ஊசி போடும் சிரிஞ்ச் இதற்குப் பொருந்தாது. ரப்பர் இறுகி வழுக்காமல் போகும்போது மாற்ற வேண்டும், மாதத்துக்கு நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது அதன் வகையைப் பொறுத்தது. சாதாரணக் குழாய் சீக்கிரம் விறைத்துவிடும், சிலிக்கான் குழாய் விலை கூடினாலும் நாள்பட இருக்கும். மாற்ற வரும் நர்ஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டினால் பல நேரம் சிலிக்கான்தான் மலிவாக வரும். மாநில அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவை இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, குழாய் பராமரிப்புக்கு வருவார்களா என்று கேளுங்கள்.

திட்டமிடாத செலவுகளில் முதலிடம் குழாய் அடைப்புக்கு. ஒருமுறை அடைத்தால் புதுக் குழாய், நர்ஸ் வருகை, சில நேரம் இடம் சரிதானா என்று எக்ஸ்ரே என மூன்று செலவு ஒன்றாக வரும். அடைப்புக்குக் கூழ் காரணமாவதைவிட மாத்திரை காரணமாவது அதிகம். மாத்திரையைப் பொடித்துக் கூழிலேயே கலப்பார்கள், அது அடியில் படிந்து குழாய்க்குள் சுண்ணாம்புபோல் இறுகும். ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாக மைபோல் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தண்ணீர் விட்டுக் கொடுக்க வேண்டும். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மெதுவாகக் கரையும் வகையும் குடலில் கரையும் பூச்சுள்ள வகையும் அப்படிப்பட்டவை. அவற்றுக்குச் சிரப் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிரப் விலை கூடும், அதையும் கணக்கில் எழுதுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாய்ன் கொடுப்பதாக இருந்தால் அதை உணவோடு சேர்த்தால் சரியாக உடலில் சேராது. எத்தனை நேர இடைவெளி என்று எழுதி வாங்குங்கள்.

ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் குழாய் சுத்தமாக இருக்கும். ஆறு வேளைக்கு அது 360 மில்லி ஆகிறது. இதய, சிறுநீரக நோயாளிக்கு நாளின் மொத்தத் தண்ணீர் அளவில் இதையும் சேர்க்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாற்றைப் பால் வேளைக்கு ஒட்டிக் கொடுத்தால் குழாய்க்குள்ளேயே பால் திரிந்து அடைக்கும்.

அடுத்த பெரிய செலவு வயிற்றுப்போக்கு. அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த கூழ் கெட்டுவிடும், நம் ஊர் மே மாதத்தில் அதற்கும் முன்னாலேயே. ஒரே நாளில் நாலைந்து முறை போனால் டயப்பர் இரட்டிப்பாகும், உப்புச்சர்க்கரைக் கரைசல் வேண்டும், தோல் ஊறிப் புண்ணாகும். கூழைச் செய்தவுடன் வேளைக்கு ஒரு பாட்டிலாகப் பிரித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். சூடாக்குவதற்குப் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் போதும். வேளை முடிந்து பாட்டிலில் மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

கொடுக்கும் முறையும் செலவைக் கூட்டும் அல்லது குறைக்கும், ஏனென்றால் உணவு நுரையீரலுக்குள் போய்விட்டால் அது ஐ.சி.யூ. செலவு. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, மூக்கு ஓரத்தில் குழாயில் போட்ட மைக்குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, கூழைத் தானாக இறங்கவிட வேண்டும். 250 மில்லி இறங்க 15, 20 நிமிடம் ஆகலாம். தண்டால் அழுத்தித் தள்ளக் கூடாது. முடிந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்கட்டும். குறி வெளியே நகர்ந்திருந்தால் அந்த வேளையைக் கொடுக்காதீர்கள், குழாயின் இடத்தை நர்ஸ் உறுதிசெய்த பிறகுதான் அடுத்தது.

போட்ட பணம் உடம்பில் சேர்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எழுந்து நிற்காதவரை எடை போட முடியாது. தையல் டேப் ஒன்று போதும். முடங்காத கையில் தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கையின் நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, கையைத் தொங்கவிட்டு, அந்த இடத்தின் சுற்றளவை 15 நாளுக்கு ஒருமுறை அளந்து, செலவு நோட்டிலேயே தேதியோடு எழுதுங்கள். 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் எடை குறைவு என்று பொருள். அடுத்தடுத்த இரண்டு அளவுகளில் தொடர்ந்து குறைந்தால், கூழ் நீர்த்துவிட்டதா, வேளை தவறுகிறதா, வடிகட்டியில் சத்து நிற்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். பராமரிக்க ஆள் வைத்திருக்கும் வீட்டில் இரண்டாவது காரணம் அடிக்கடி காணப்படும். ஒவ்வொரு வேளையும் எத்தனை மில்லி கொடுத்தோம் என்று எழுதும் தாளைக் கட்டில் பக்கத்தில் ஒட்டினால் அது சரியாகும்.

டின்களைப் பத்து நாள் தேவைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடைக்கும்தான். ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளாமல் டாக்டர் வகையை மாற்றலாம், சிறுநீரகச் சோதனையில் எண் கூடி வேறு டின் எழுதலாம். விழுங்கும் பயிற்சியில் முன்னேறி, பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் வாய்வழிக் கூழுக்கு அனுமதிக்கலாம். அப்போது பவுடர் ஒரு வேளையாகக் குறையும். திறக்காத டின்னைக்கூடப் பல மருந்துக்கடைகள் திரும்ப எடுப்பதில்லை. வாங்கும்போதே பில்லில் “திறக்காவிட்டால் திரும்பப் பெறப்படும்” என்று எழுதித் தரும் கடை உங்கள் தெருவில் இருந்தால், டின்னுக்கு 10 ரூபாய் கூடுதலானாலும் அங்கேயே வாங்குங்கள்.